பேராசிரியர் அறிமுகக் குறிப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என்னிடம் இருபது பக்க பயோடேட்டா இருக்கிறது. அதையே சுருக்கிப் போட்டால் போதாதா?

போதாது. பயோடேட்டா பதவி உயர்வுக்கும் நாக் குழுவுக்கும் உரியது. அதில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதுதான் விதி. அறிமுகக் குறிப்பைத் தேடி வருபவர்கள் வேறு ஆட்கள். முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடும் மாணவர் ஒருவர். அதே துறையில் வேறு ஊரில் வேலை செய்யும் ஆய்வாளர் இன்னொருவர். மூன்றாமவர் கல்லூரிக்கு வெளியே இருப்பவர்: தன் ஊர் போர்வெல் தண்ணீரை யாரிடம் சோதிக்கக் கொடுக்கலாம் என்று பார்க்கும் ஊராட்சித் தலைவர், அல்லது கிராமத்துக் குடிநீருக்குப் பொறுப்பான பொறியாளர். மூவரும் பார்ப்பது ஒன்றைத்தான்: இவர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார், எப்படித் தேடுகிறார், கண்டதை எங்கே போய்ச் சரிபார்க்கலாம்.

அதற்கு 100 முதல் 250 சொற்கள் போதும். முதல் வரியில் பதவியும் துறையும், அடுத்து ஆய்வுக் கேள்வி, அதன்பின் செய்முறை, கடைசியில் மூன்று நான்கு சாதனைகள். இவற்றில் செய்முறைக்குத்தான் அதிக இடம் தர வேண்டும். பெரும்பாலான குறிப்புகளில் அது ஒரு வரிகூட இருப்பதில்லை.

கல்லூரிப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டும்போது பிறந்த தேதி, வீட்டு முகவரி, சொந்த செல்போன் எண், சாதிப் பிரிவு எல்லாம் கூடவே வந்துவிடும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கல்லூரி மின்னஞ்சல் ஒன்று இருந்தால் போதும்.

"ஆராய்ச்சி ஆர்வம்: சுற்றுச்சூழல் வேதியியல், நீர் மாசு, நானோ பொருட்கள்" என்று போட்டிருக்கிறேன். இதில் என்ன குறை?

அந்த மூன்றும் பாடத்தலைப்புகள். அதே வரியை நாட்டில் எத்தனையோ வேதியியல் ஆசிரியர்கள் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆர்வம் என்பது இன்னும் விடை கிடைக்காத ஒரு கேள்வி. அதை எழுதிவிட்டால் உங்களை வேறு யாரோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: தருமபுரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடை ஆராயும் வேதியியல் உதவிப் பேராசிரியர். இங்கே பாறை நைஸும் சார்னோகைட்டும். அவற்றிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நீரில் இறங்குகிறது. ஆனால் ஒரே பாறையின் மேல், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு போர்வெல்களில் ஒன்று நல்ல தண்ணீராகவும் மற்றொன்று பல்லைக் கறையாக்கும் தண்ணீராகவும் இருப்பது உண்டு. கால்சியம் குறைந்து பைகார்பனேட்டும் சோடியமும் கூடிய நீரில் ஃபுளோரைடு ஏறும் என்பது தெரிந்ததுதான். எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில் நீர் அந்த நிலைக்கு மாறுகிறது என்பது இடத்துக்கு இடம் வேறு. இவருடைய கேள்வி அங்கே இருக்கிறது.

ஆகவே வரி இப்படி மாறும்: "பென்னாகரம் பகுதியின் கடினப்பாறைப் போர்வெல்களில் ஆழத்தோடும் மழைப்பருவத்தோடும் ஃபுளோரைடு அளவு எப்படி மாறுகிறது, அதை நீரின் எந்த வேதிக்கூறைக் கொண்டு முன்கூட்டிச் சொல்லலாம் என்பதை ஆராய்கிறார்." இடம், பொருள், மாறி, நோக்கம் நான்கும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. வேறு துறைக்காரரும் இதைப் படித்துப் புரிந்துகொள்வார்.

கேள்வி ஒன்று, அல்லது இரண்டு. ஐந்து எழுதினால் வழிகாட்டி தேடும் மாணவருக்கு எதில் சேர வேண்டும் என்று தெரியாது. நானோ பொருள் பற்றி எப்போதோ ஒரு கட்டுரை எழுதியிருந்தால் அது பயோடேட்டாவில் இருக்கட்டும்.

செய்முறையை எவ்வளவு தூரம் எழுதுவது? கருவிகளின் பெயரைப் பட்டியலாகப் போட்டால் ஆகாதா?

"யூவி, எஃப்டிஐஆர், எக்ஸ்ஆர்டி, செம்" என்று பட்டியலிட்டால், எங்கோ மாதிரியை அனுப்பிப் படம் வாங்கியவரும் தானே கருவியை இயக்கியவரும் ஒன்றாகத் தெரிவார்கள். கருவிக்கு முன்னால் ஒரு வினைச்சொல்லும், அளவை எப்படி நம்புவது என்பதற்கு ஒரு சொற்றொடரும் வேண்டும்.

ஃபுளோரைடை எடுத்துக்கொள்வோம். அயனித் தேர்வு மின்முனையால் அளப்பவர் உண்மையில் செய்வது இது. மாதிரியை பாலிஎத்திலீன் புட்டியில் எடுப்பார்; கண்ணாடியைத் தவிர்ப்பார், ஃபுளோரைடு அதோடு வினைபுரியக்கூடும். மாதிரியும் டிசாப் கரைசலும் சம அளவு, அதாவது 50 மில்லிக்கு 50 மில்லி கலப்பார். அந்தக் கரைசல் பிஎச்-ஐ 5-க்கும் 5.5-க்கும் இடையே நிறுத்தும். அதற்குக் கீழே போனால் ஃபுளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து மின்முனைக்குத் தெரியாமல் போகும். மிக மேலே போனால் ஹைட்ராக்சைடையே மின்முனை ஃபுளோரைடாக எண்ணிக் காட்டும். அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்திருக்கும் ஃபுளோரைடை விடுவிப்பதும் அதே கரைசல்தான். பிறகு தரக்கரைசல்களை வைத்து, செறிவு பத்து மடங்கு மாறும்போது 25 டிகிரியில் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் மாறுகிறதா என்று பார்ப்பார். அதைவிட நன்றாகக் குறைந்தால் மின்முனை தேய்ந்திருக்கிறது, அல்லது அழுக்கேறியிருக்கிறது. கடைசியாக, மாதிரியில் தெரிந்த அளவு ஃபுளோரைடைச் சேர்த்து அது திரும்பக் கிடைக்கிறதா என்று சோதிப்பார்.

இத்தனையும் குறிப்பில் வேண்டியதில்லை. இத்தனையும் செய்தவர் எழுதும் வாக்கியம் தானாகவே வேறு மாதிரி வரும்: "ஃபுளோரைடை அயனித் தேர்வு மின்முனையால் அளக்கிறார், ஒவ்வொரு தொகுதியிலும் சேர்ப்பு-மீட்புச் சோதனையும் அயனிச் சமநிலைச் சரிபார்ப்பும் செய்யப்படுகின்றன." இந்த இரண்டு பெயர்களும் துறை தெரிந்தவருக்குப் போதும். அயனிச் சமநிலை என்பது நேர்மின் அயனிகளின் கூட்டலும் எதிர்மின் அயனிகளின் கூட்டலும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. வேறுபாடு 5 சதவீதத்துக்குள் இருந்தால் பகுப்பாய்வை நம்பலாம். அதற்கு மேல் வெகுவாகப் போனால் ஏதோ ஓர் அயனியின் அளவீடு தவறு.

செய்முறையோடு அதன் எல்லையையும் ஒரு வரி சொல்லுங்கள். இந்த மாவட்டங்களில் அது மிகவும் தேவை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தபின் பல ஊர்களில் குழாயில் வருவது காவிரி நீர். போர்வெல் தண்ணீர் மற்ற தேவைகளுக்கும், குழாய் வராத நாளில் குடிக்கவும் போகிறது. போர்வெல்லில் அளந்த ஃபுளோரைடு, மக்கள் உடலில் சேரும் ஃபுளோரைடு ஆகாது. "அளவுகள் நீர் ஆதாரத்துக்கானவை, வீட்டில் குடிக்கும் நீருக்கானவை அல்ல" என்று எழுதிவிட்டால் பத்திரிகையாளரோ அதிகாரியோ அந்த எண்ணைத் தவறாகக் கையாள மாட்டார்கள். இப்படி ஒரு வரி இருப்பது ஆய்வாளருக்குக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். துறை தெரிந்தவர்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் மற்ற வரிகளை நம்புகிறார்கள்.

"ஃபுளோரைடை 98% நீக்கும் பொருளைக் கண்டுபிடித்தார்" என்று சாதனையில் போடலாமா?

அந்த வடிவத்தில் வேண்டாம். வெறும் சதவீதத்துக்குப் பொருள் கிடையாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீரில் ஃபுளோரைடைத் தன் மேற்பரப்பில் பிடித்துக்கொள்ளும் உறிஞ்சிப் பொருளை ஒரு கைப்பிடி கொட்டினால் எந்தச் சுமாரான பொருளும் பெரிய சதவீதத்தைக் காட்டும். தொடக்கச் செறிவு, லிட்டருக்கு எத்தனை கிராம் பொருள், பிஎச், எவ்வளவு நேரம் என்ற நான்கும் இருந்தால்தான் அது முடிவு.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தில் வாலைவடி நீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்துச் செய்த சோதனையில் பிற அயனிகள் இல்லை. இங்குள்ள கிணற்று நீரில் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. அது உறிஞ்சியின் மேற்பரப்பில் ஃபுளோரைடோடு இடத்துக்குப் போட்டியிடும், நீரைக் காரத்தன்மையிலும் வைத்திருக்கும். அதனால் ஆய்வகத்தில் பிரமாதமாக வேலை செய்த பொருள் ஊர்த் தண்ணீரில் படுத்துவிடும். ஆகவே எந்த நீரில் சோதித்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நல்ல வடிவம்: "லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்த கிணற்று நீரை, லிட்டருக்கு 3 கிராம் உறிஞ்சி கொண்டு, பிஎச்-ஐ மாற்றாமல், இரண்டு மணி நேரத்தில் 1 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்தார்." 1 மில்லிகிராம் என்பது இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 ஏற்கத்தக்கதாக வைத்திருக்கும் எல்லை, வேறு ஆதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதிக்கிறது. சதவீதத்தை விட்டுவிட்டு இந்த எல்லையோடு ஒப்பிட்டுச் சொன்னால் ஊராட்சித் தலைவருக்கும் புரியும்.

நாற்பது கட்டுரை இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

மேலே எழுதிய ஆய்வுக் கேள்விக்கு விடை சொல்லும் மூன்றை. அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை வேறு பொருளில் இருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. குறிப்பு ஒரே இழையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பைப் போடுவதைவிட, கண்டது என்ன என்று ஒரு வாக்கியம் எழுதி, ஆண்டும் டிஓஐ இணைப்பும் கொடுங்கள்.

போடுவதற்கு முன் அந்த இணைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். புகழ்பெற்ற இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு பணம் வாங்கும் போலித் தளங்கள் உண்டு. அங்கே வெளியான கட்டுரையின் டிஓஐ பெரும்பாலும் திறக்காது, அல்லது வேறு கட்டுரைக்குப் போகும். அப்படி இருந்தால் அந்தக் கட்டுரையை எங்கும் காட்டாதீர்கள். "யுஜிசி கேர் பட்டியல்" என்ற அடைமொழியும் இனித் துணைக்கு வராது. 2025-இல் யுஜிசி அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டது.

பத்துப் பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் என் பெயர் ஆறாவது. அதைச் சாதனையாகக் காட்டலாமா?

உங்கள் பங்கு என்ன என்று சொல்லிவிட்டுத் தாராளமாகக் காட்டலாம். "மாதிரிகள் எடுத்தலும் ஃபுளோரைடுப் பகுப்பாய்வும் இவருடையவை" என்று ஒரு தொடர் போதும். இப்போது பல இதழ்கள் கிரெடிட் என்ற வகைப்பாட்டில், 14 வகைப் பங்குகளில் யார் எதைச் செய்தார் என்று கட்டுரையின் முடிவிலேயே அச்சிடுகின்றன. அதில் உள்ளபடியே எழுதுங்கள். குறிப்பும் கட்டுரையும் முரண்பட்டால் நம்பிக்கை முழுதும் போகும்.

நிதித் திட்டங்களுக்கும் இதே விதி. முதன்மை ஆய்வாளரா, இணை ஆய்வாளரா என்பதையும், நிதி கொடுத்த அமைப்பு, தொடங்கி முடிந்த ஆண்டுகளையும் எழுதுங்கள். விண்ணப்பித்து முடிவு வராத திட்டம் சாதனை ஆகாது.

எனக்கு நான்கு பேட்டன்ட் இருக்கிறது. கட்டாயம் போடத்தானே வேண்டும்?

முதலில் அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். இந்தக் குழப்பம்தான் இப்போது நிறையக் கல்லூரிகளில் இருக்கிறது. விண்ணப்பித்தது, வெளியிடப்பட்டது, வழங்கப்பட்டது என்ற மூன்றும் தனித்தனி நிலைகள். இந்தியாவில் விண்ணப்பித்து 18 மாதம் ஆனால் விண்ணப்பம் அலுவலக இதழில் வெளியாகும். படிவம் 9 கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் இன்னும் சீக்கிரமே வெளியாகும். அந்த நிலையில் யாரும் அதன் புதுமையை ஆராய்ந்து முடித்திருக்க மாட்டார்கள். ஆய்வு முடிந்து, மறுப்புகளுக்குப் பதில் சொல்லி, காப்புரிமை எண் வந்தால்தான் அது வழங்கப்பட்டது. "வெளியிடப்பட்ட விண்ணப்பம்" என்று எழுதுவதில் தவறில்லை. "பேட்டன்ட் பெற்றவர்" என்று எழுதினால் அது பொய்.

இன்னொன்று வடிவமைப்புப் பதிவு. ஒரு பொருளின் தோற்றத்துக்கு மட்டும் கிடைக்கும் பாதுகாப்பு அது. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எந்த உரிமையும் தராது. பிரிட்டனில் புதுமையை ஆராயாமலேயே வடிவமைப்பைப் பதிந்துவிடுவார்கள். அதைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டு "சர்வதேச பேட்டன்ட்" என்று போடுவது நடக்கிறது. சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் வடிவமைப்பு என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள், அல்லது அதை விட்டுவிடுங்கள். ஃபுளோரைடு ஆராய்பவருக்கு "நீர் வடிகட்டியின் தோற்றம்" என்ற பதிவு ஆய்வோடு ஒட்டாது, விடுவதே மேல்.

எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபாக்டர் போடலாமா?

எச்-இண்டெக்ஸ் போடுவதானால் எந்தத் தளத்தில், எந்த மாதத்தில் பார்த்தது என்று சேர்த்துப் போடுங்கள். கூகுள் ஸ்காலரில் வரும் எண் பெரும்பாலும் ஸ்கோப்பஸில் வருவதைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் ஸ்கோப்பஸ் சேர்க்காத ஆய்வேடுகளையும் பல மாநாட்டுத் தாள்களையும் கூகுள் எண்ணுகிறது. இம்பாக்ட் ஃபாக்டர் இதழுக்கு உரிய சராசரி. உங்கள் கட்டுரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, ஆகவே வேண்டாம். பல கட்டுரைகளின் இம்பாக்ட் ஃபாக்டரைக் கூட்டி "மொத்தம் 47" என்று போடுவதைக் கட்டாயம் நீக்குங்கள்.

என் இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் விரித்து இருக்கிறது. தேடினால் பாதிதான் வருகிறது.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் வரும் சிக்கல் இது. இதழ்களின் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. ஒருமுறை அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் போட்டிருப்பீர்கள். இன்னொருமுறை இனிஷியலை மட்டும். கட்டுரைத் தளம் அப்பா பெயரை உங்கள் பெயராக எடுத்துக்கொண்டு தனி ஆளாகப் பதிந்துவிடும். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாற்றிய பெண் ஆசிரியர்களுக்கு மூன்று நான்கு ஆட்களாகவே பிரிந்துகிடக்கும்.

ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் ஒன்று எடுங்கள், இலவசம். அது 16 இலக்கம். கடைசி இடத்தில் சிலருக்கு X வரும். குறிப்பில் முழு முகவரியாகவே கொடுங்கள்:

```
https://orcid.org/0000-0000-0000-0000
```

சுழிகளுக்குப் பதில் உங்கள் எண். ஆர்கிட்டில் "வேறு பெயர்கள்" என்ற இடத்தில் இதுவரை பயன்படுத்திய எல்லா வடிவங்களையும் சேருங்கள். பிறகு ஸ்கோப்பஸில் உங்கள் பெயரில் இருக்கும் தனித்தனிப் பதிவுகளைத் தேர்ந்து, ஒன்றிணைக்கக் கோரிக்கை கொடுங்கள். அதற்கும் கட்டணம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டாம். இணைக்கும்போது உங்கள் பெயரிலேயே இருக்கும் வேறொருவரின் கட்டுரைகள் வந்து சேர்ந்துவிடவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குமார், செல்வி, முருகன் போன்ற பெயர்களுக்கு இது கட்டாயம் நடக்கும்.

இனி வரும் கட்டுரைகளுக்கு ஒரே வடிவத்தை முடிவுசெய்து, அறிமுகக் குறிப்பின் தலைப்பிலும் அதையே போடுங்கள்.

பிஎச்டி ஆய்வேடு கொடுத்துவிட்டேன், வாய்மொழித் தேர்வு இன்னும் நடக்கவில்லை. முனைவர் என்று போடலாமா?

கூடாது. "ஆய்வேடு சமர்ப்பித்துள்ளார்" என்று மாதமும் ஆண்டும் போடுங்கள்.

நான் வரலாற்றுத் துறை. கருவியும் இல்லை, அளவும் இல்லை. செய்முறை என்று எதை எழுதுவது?

அளவு இல்லாவிட்டாலும் செய்முறை இருக்கிறது. இந்த மாவட்டங்களின் நடுகற்களை ஆராய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லைத் தூரிகையால் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்படி அடித்து, ஓரளவு காய்ந்தபின் மைப்பந்தால் ஒற்றி மைப்படி எடுக்கிறார். வட்டெழுத்தைப் படித்து, அரசனின் பெயரையும் ஆட்சியாண்டையும் கொண்டு காலம் சொல்கிறார். ஆட்சியாண்டு இல்லாத கல்லுக்கு எழுத்தமைதியை வைத்து நூற்றாண்டு அளவில் மட்டும் சொல்கிறார். இந்தக் கடைசி வேறுபாட்டைக் குறிப்பில் எழுதினால், அவர் தரும் காலத்தை எவ்வளவு நம்பலாம் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

சாதனையில் "பல நடுகற்களைக் கண்டுபிடித்தார்" என்பதற்குப் பதிலாக, முன்பே பதிவானவை எவை, முதன்முதலில் இவர் படித்தவை எவை, படித்த வாசகம் எங்கே அச்சாகியிருக்கிறது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் கும்பிட்டு வரும் கல்லை "கண்டுபிடித்தேன்" என்று எழுதுவது சரியில்லை. படித்தேன், பதிவுசெய்தேன் என்பதுதான் உண்மை.

முழுதாக ஒன்று எழுதிக் காட்ட முடியுமா?

ஃபுளோரைடு ஆசிரியருக்கு இப்படி. ஆண்டுகளும் எண்களும் வடிவத்துக்காக வைத்தவை, உங்களுடையதை இடுங்கள். டிஓஐ, ஆர்கிட் இணைப்புகளையும் மின்னஞ்சலையும் இதில் போடவில்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியர் (2014 முதல்). பென்னாகரம் பகுதியின் கடினப்பாறைப் போர்வெல்களில் ஆழத்தோடும் மழைப்பருவத்தோடும் ஃபுளோரைடு அளவு எப்படி மாறுகிறது என்பதை ஆராய்கிறார்.

ஒரே 60 போர்வெல்களிலிருந்து ஆண்டுக்கு இருமுறை, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும், நீர் மாதிரி எடுக்கிறார். ஃபுளோரைடை அயனித் தேர்வு மின்முனையால் அளக்கிறார். ஒவ்வொரு தொகுதியிலும் சேர்ப்பு-மீட்புச் சோதனையும் அயனிச் சமநிலைச் சரிபார்ப்பும் செய்யப்படுகின்றன. அளவுகள் நீர் ஆதாரத்துக்கானவை; வீட்டில் குடிக்கும் நீருக்கானவை அல்ல.

கால்சியம் குறைவான ஆழ்துளை நீரிலேயே ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதை 2019 கட்டுரையில் காட்டினார் (முதல் ஆசிரியர்). லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருந்த கிணற்று நீரை, லிட்டருக்கு 3 கிராம் உறிஞ்சி கொண்டு, பிஎச்-ஐ மாற்றாமல், இரண்டு மணி நேரத்தில் 1 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்த முறை 2022-இல் வெளியானது (பகுப்பாய்வு இவருடையது). 60 கிணறுகளின் தரவும் பொதுத் தரவகத்தில் உள்ளது.

நீர் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு 2 இடங்கள் உள்ளன. புலப்பணி கட்டாயம்."

"சிறந்த ஆசிரியர் விருது" இதில் இல்லை. கட்டணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும் விருதுகள் பெருகிவிட்டன. யார் தேர்ந்தெடுத்தார்கள், எந்த அடிப்படையில் என்று ஒரு வரியில் சொல்ல முடிகிற விருதை மட்டும் சேருங்கள்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

இரண்டிலும். ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை வரிக்கு வரி மாற்றாதீர்கள். ஊராட்சித் தலைவரும் மாணவரின் பெற்றோரும் படிப்பது தமிழ்க் குறிப்பை. அதில் ஃபுளோரைடு ஏன் கூடாது, எவ்வளவு வரை சரி என்று ஒரு வரி கூடுதலாக இருக்கலாம். எண்கள் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எப்போது திருத்துவது?

ஆண்டுக்கு ஒருமுறை, மாணவர் சேர்க்கைக்கு முன். முதலில் "இடங்கள் உள்ளன" என்ற வரியைப் பாருங்கள். நிரம்பிய பின்னும் அது கிடந்தால் வெளியூரிலிருந்து மாணவர்கள் வீணாக வந்து போவார்கள். அடுத்து விண்ணப்ப நிலையில் இருந்த பேட்டன்ட், சமர்ப்பித்த ஆய்வேடு, நடப்புத் திட்டம் மூன்றின் நிலையும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். டிஓஐ இணைப்புகளை மறுபடி சொடுக்குங்கள். ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் அந்த அறிவிப்பு அங்கேதான் முதலில் தெரியும். அப்படி இருந்தால் அன்றே குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆர்கிட்டிலும் திருத்துங்கள். குறிப்பின் அடியில் "கடைசியாகத் திருத்தியது" என்று மாதமும் ஆண்டும் போடுங்கள்.